சுடுதண்ணிப் பக்கம்

சாவி கைப்பைக்குள்ளேயே கிடந்தது. இருந்தாலும் லவினியா மணியை அடித்துவிட்டு வாசலில் நின்றாள். அரை வருடத்துக்கு முன் ஒரு சூட்கேசோடு இந்தப் படிகளில் இறங்கிப் போனவள். உரிமையோடு திறந்து உள்ளே போகவும் மனம் வரவில்லை, வெளியே நிற்க வேண்டியதாகிவிட்டதே என்ற துக்கமும் வரவில்லை. கொஞ்சக் காலமாக அவளுக்கு எதுவுமே வருவதில்லை. பசிகூட இல்லை, மணிக்கூட்டைப் பார்த்து, சாப்பிடும் நேரம் என்று தெரிந்தால் சாப்பிடுவாள்.

டெனிஸ்டன் கதவைத் திறந்தான். அவளுடைய புருசன்தான், கோயில் பதிவிலும் நகரசபைப் பதிவிலும் இன்னும் அப்படித்தான்.

"வா. சப்பாத்துக் கழட்டத் தேவையில்லை. எல்லாம் ஏத்தியாச்சு."

வீடு வெறுமையாக இருந்தது. சோபா இருந்த இடத்தில் தரை மட்டும் நிறம் மாறாமல் நீள்சதுரமாகக் கிடந்தது. திங்கட்கிழமை அவனுக்கு பிராங்பேர்ட்டில் புது வேலை, விமான நிலையத்து இயந்திரப் பட்டறையில். பீலெஃபெல்ட்டில் இருக்கிற இந்த வீட்டை இன்று மத்தியானம் ஒப்படைக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இரண்டு பேரின் பெயரும் இருப்பதால் இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும் என்று கட்டிட நிர்வாகத்து ஆள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆனால் அவள் கையெழுத்துக்கு மட்டும் வரவில்லை. போன கிழமை டெனிஸ்டன் போனில் கேட்டிருந்தான். "பிராங்பேர்ட் வீடு ரெண்டு பேருக்குக் காணும். வாறியோ, இல்லையோ எண்டு வீடு ஒப்படைக்கிற டெர்மினுக்கு வரேக்கை சொல்லு." அவள், "ஓம், அண்டைக்குச் சொல்லுறன்" என்றாள். அந்த 'அண்டைக்கு' இப்போது வந்துவிட்டது. பதில் மட்டும் வரவில்லை. போவோமா என்று மனதைக் கேட்டால் அது பேசாமல் இருந்தது. வேண்டாமா என்று கேட்டாலும் அப்படியே இருந்தது.

டொக்.

குளியலறையிலிருந்து வந்தது அந்தச் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் டொக்.

லவினியா அசையாமல் நின்று கேட்டாள். கைகழுவும் தொட்டியின் குழாய். அவள் போய் அரை வருடம் ஆகிறது. அவள் கைபடாத வீட்டில் அது இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

"அதைத்தான் இப்ப பாக்கவேணும்" என்றான் டெனிஸ்டன், அவள் முகத்தைப் பார்க்காமல். "முதல் தரம் வந்து பாத்திட்டுப் போகேக்கையே அந்த ஆள் சொல்லிப்போட்டுது, சொட்டுற பைப்போடை வீட்டை எடுக்கமாட்டினமாம். கையோடை வாசர் மாத்திவிடுவம். நீ லைட்டைப் பிடி."

பெரிய சண்டைக்காரக் குடும்பம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டெனிஸ்டன் குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறவிடுவதில்லை. "உப்பிடியொரு மனுசனை விட்டிட்டு வர உனக்கு என்ன விசரே?" என்று மன்னாரிலிருந்து அம்மா போனில் கேட்டாள். என்னவென்று சொல்வது? குழாய் என்றா சொல்வது? சொன்னால் ஊர் சிரிக்காதா?

ஆனால் குழாய்தான். அவள் குளியலறையை விட்டு வெளியே வந்தால் அவன் உள்ளே போவான். அவள் பூட்டிய குழாயை இன்னொரு தரம் இறுக்குவான். கிறீச் என்று ஒரு சத்தம். பிறகு, "பூட்டிப்போட்டு வா எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" கோபமாகக்கூடக் கேட்கமாட்டான்; உப்புக் குறைகிறது என்பதைப் போலத்தான் சொல்வான். குழாயில் தொடங்கியது அடுப்புக்குப் போனது, அடுப்பிலிருந்து வாசல் கதவுக்கு, கதவிலிருந்து காருக்கு. அவள் தொட்ட எல்லாவற்றையும் அவன் பின்னாலேயே வந்து ஒருதரம் தொட்டுப் பார்த்தான். குடும்ப நண்பர் சிவசக்தியின் மகளுடைய பிறந்தநாளுக்கு வந்தவர்கள் முன்னாலும், "லவினி பூட்டினா அது அரைவாசிப் பூட்டுத்தான்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். அவளும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது?

கடைசியில் அவளுக்கே தன் கையில் நம்பிக்கை இல்லாமல் போயிற்று. அவள் வேலை செய்கிற முதியோர் இல்லச் சமையலறையில் குழாயைப் பூட்டிவிட்டுப் போனில் படம் எடுக்கத் தொடங்கினாள். பஸ்ஸில் ஏறிய பிறகு சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம் அல்லவா? கூட வேலை செய்கிற வேணுஜா ஒருநாள் கண்டுவிட்டு, "என்னக்கா, பைப்புக்கெல்லாம் போட்டோ?" என்று கேட்டபோது லவினியாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று இரவு அவள் நித்திரை கொள்ளவில்லை. அதற்கடுத்த கிழமைதான் சூட்கேசைக் கட்டினாள்.

டெனிஸ்டன் தொட்டிக்குக் கீழே குனிந்து, குளிர்தண்ணி வரும் சின்ன வால்வைப் பூட்டினான். தொட்டியின் ஓட்டையில் மூடியைப் போட்டான். இல்லாவிட்டால் திருகாணி விழுந்து போய்விடும். குழாய் பழங்காலத்து மாதிரி. நடுவில் ஒரு மூக்கு, இருபுறமும் இரண்டு கைபிடிகள், ஒன்றின் உச்சியில் நீலப் பொட்டு, மற்றதில் சிவப்புப் பொட்டு. நீலப் பொட்டைக் கத்தி நுனியால் கிளப்பி, உள்ளே இருந்த திருகாணியைக் கழற்றி, கைபிடியை இழுத்தெடுத்தான். பிறகு திருகுசாவி போட்டுத் திருக, பித்தளைத் தண்டு ஒன்று வெளியே வந்தது. அதன் அடியில் கறுப்பு ரப்பர் வட்டம், அதுதான் வாசர்.

"பார், போன வருசம்தான் மாத்தினனான். அதுக்குள்ள இப்பிடி."

ரப்பரில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. லவினியா அதை வாங்கிப் பார்த்தாள். தண்டைத் திருகத் திருக இந்த ரப்பர் இறங்கிப் போய்த் தண்ணீர் வருகிற வாயில் உட்கார்ந்து அமத்தும், அவ்வளவுதான் இதன் வேலை. கொஞ்சம் தேய்ந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கலாம், இறுக்க இறுக்கச் சொல் கேட்கும். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் எல்லா வீட்டிலும் இதுதான். குழாய் சொட்டினால் இறுக்கு, இறுக்கியும் சொட்டினால் வாசரை மாற்று. டெனிஸ்டன் அங்கேயே கற்றுக்கொண்டு வந்த பாடம் அது. புது வாசரும் போட்டாயிற்று, அப்படியும் சொட்டுகிறது என்றால் பூட்டுகிற கையில்தான் பிழை. இதுதான் அவன் கணக்கு.

புது ரப்பரைப் போட்டு, தண்டைத் திருகி, கைபிடியைப் பொருத்தினான். எழும்பி நின்று கையைத் துடைத்தான்.

டொக்.

"இன்னும் சொட்டுது" என்றாள் லவினியா.

"உள்ளுக்குள்ள நிண்ட தண்ணி. அது வடியும்."

இருவரும் நின்றார்கள். டொக். லவினியா தொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "கீழை குளிர்தண்ணி வால்வ் இன்னும் பூட்டித்தானே கிடக்கு?"

"ஓம்."

"அப்ப இது எங்கையிருந்து வருது?"

வம்புக்குக் கேட்கவில்லை. வம்பு செய்யுமளவுக்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. டெனிஸ்டன் அவளை ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தான். இம்முறை சுடுதண்ணி வால்வைப் பூட்டினான். ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று மூக்கு நுனியில் திரண்டு, விழாமல் அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது.

சுடுதண்ணிப் பக்கம். இத்தனை காலமும் சொட்டியது சிவப்புப் பொட்டுப் பக்கத்தால். அவன் வாசர் மாற்றியதெல்லாம் நீலப் பொட்டுப் பக்கத்தில்.

"சுடுதண்ணிப் பக்கம் அந்தப் பிளம்பர் வந்து செய்தவன் எல்லே" என்றான் டெனிஸ்டன். "நான் வேலையாலை வர முதல் ஆள் வந்து செய்திட்டுப் போட்டுது. நீதான் கதவு திறந்து விட்டனீ. புது வாசர் போட்டிருப்பான் எண்டு விட்டிட்டன்."

"என்ன போட்டவன் எண்டு நீங்களும் கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை."

சிவப்புப் பொட்டைக் கிளப்பினான். திருகாணி, கைபிடி, பிறகு சாவி. வெளியே வந்தது தண்டு இல்லை. கட்டைவிரல் நீளத்தில் பளபளவென்று ஒரு பித்தளை உருளை, பக்கவாட்டில் இரண்டு ஜன்னல்கள். அடியில் ஒரு ரப்பர் வளையத்தைக் கண்டதும் டெனிஸ்டனின் முகம் தெளிந்தது. "இந்தா, இதுதான் வாசர்" என்று தன் பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தான். பொருந்தவில்லை. இது நடுவில் பெரிய துளை உள்ள வளையம். தண்ணீர் இதற்கு நடுவாலேதான் போக வேண்டும், இது எதையும் அமத்துவதற்கில்லை. அவன் நெற்றி மறுபடி சுருங்கியது.

லவினியா அந்த உருளையை வாங்கி, மேலே நீட்டிக்கொண்டிருந்த, கைபிடி மாட்டுகிற பல்லை விரலால் திருகினாள். ஜன்னலுக்குள் வெள்ளையாக ஒன்று நகர்ந்து வழிவிட்டது. திருப்பித் திருகினாள்; வெள்ளை வந்து மூடியது. அரைச் சுற்று, பிறகு டக்கென்று நின்றது. மேலும் திருகிப் பார்த்தாள். அசையவில்லை.

"இதுக்கு மேலை இது போகாது" என்றாள்.

அவன் அதை வாங்கி, ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்து, துவாயில் கவிழ்த்தான். இரண்டு வெள்ளை வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி விழுந்தன. பீங்கான். தேநீர்க் கோப்பையைவிட வழுவழுப்பு. இழுத்தால் பிரியவில்லை, வழுக்கித் தள்ளத்தான் பிரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு திறப்பு. திறப்பும் திறப்பும் நேர்ப்பட்டால் தண்ணீர் வரும், விலகினால் நிற்கும். டெனிஸ்டன் ஒரு வட்டத்தை வெளிச்சத்தில் பிடித்தான். வில்லுப்போல ஒரு கீறல். அதன்மேல் நகத்தை ஓட்டினான். நகம் தட்டி நின்றது.

உலோகத்தைக் கண்ணாடி மாதிரித் தேய்த்து மட்டம் பார்ப்பதுதான் அவனுடைய தொழில். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மண்" என்றான். "பிளம்பர் போட்ட பிறகு கட்டிடத்திலை பெரிய குழாய் மாத்தினவங்கள். தண்ணி கலங்கி வந்ததெல்லே? ஒரு மண்துகள் உள்ளுக்குப் போய்க் கீறிப்போட்டுது. கீறல் விழுந்தா இந்தத் தட்டு சரிவராது. கழுவியும் வேலையில்லை." வட்டத்தைத் துவாயில் வைத்தான். பிறகு குரல் இறங்கியது. "இதிலை இறுக்கிறது எண்டு ஒண்டு இல்லை. ஆர் பூட்டினாலும் சொட்டும்."

லவினியா காத்திருந்தாள். அவன் உருளையைக் கடதாசியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினான். "வாசர் இதுக்கு உதவாது. முழு உருளையும் புதுசு வேணும். திருகுப் புரியும் பல்லும் இதே அளவு, பூட்டுற பக்கமும் இதேதான். கொண்டுபோய்க் காட்டினாத்தான் சரியானது எடுக்கலாம். கடை பக்கத்திலைதான், வாறன்."

கதவு சாத்தப்பட்டது. வீட்டில் சத்தமே இல்லை. இரண்டு வால்வும் பூட்டியிருந்ததால் அந்த டொக்கும் இல்லை. லவினியா குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து போனை எடுத்தாள். படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். முதியோர் இல்லத்துக் குழாய், இந்த வீட்டுக் குழாய், அடுப்புப் பொத்தான், காரின் கதவு, மறுபடி குழாய். ஒவ்வொன்றும் பூட்டித்தான் இருந்தது. ஒன்றுகூட, ஒன்றே ஒன்றுகூடத் திறந்து கிடக்கவில்லை. அழுகை வர வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. யாரோ ஒரு கிறுக்கியின் போனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள்.

டெனிஸ்டன் மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருதரம் சரிபார்த்தான். உருளை உட்காருகிற இடத்தைத் துணியால் துடைத்து, மண் ஏதும் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்தான். புதியதைக் கையால் திருகி, கடைசியில் மட்டும் சாவியால் அளவாக இறுக்கினான். கைபிடி, திருகாணி, சிவப்புப் பொட்டு. கீழே வால்வுகளை மெல்லத் திறந்தான். குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பூட்டினான்.

இருவரும் மூக்கு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசிச் சொட்டு விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. அவன் ஒரு கடதாசித் துண்டை மடித்துக் கீழே பிடித்தான். பிடித்துக்கொண்டே இருந்தான். காய்ந்தே இருந்தது.

"லவினி" என்றான், கடதாசியைப் பார்த்தபடி. "நீ பூட்டாமல் விட்டதில்லை. ஒருநாளும் விட்டதில்லை. உன்ரை கையிலை பிழையில்லை. எல்லாருக்கும் முன்னாலை வைச்சும் சொல்லிப்போட்டன், என்னிலைதான் பிழை."

எத்தனை வருடமாகக் காத்திருந்த வார்த்தை! கனவில்கூட அவன் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. லவினியாவுக்கு உடனே ஒன்றும் தெரியவில்லை. பிறகு, விறைத்துப் போன காலில் இரத்தம் ஓடத் தொடங்கும்போது வருகிற மாதிரி நெஞ்சுக்குள் ஒரு ஊசி குத்தியது. இன்னொன்றும் குத்தியது. அவள் அவனைப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. அரை வருடத்துக்கு முன் அது இல்லை. தனியாக என்ன சமைத்துச் சாப்பிட்டிருப்பான் என்று முதல் தடவையாக நினைத்தாள். பிராங்பேர்ட் அவ்வளவு தூரமில்லை. முதியோர் இல்லங்கள் அங்கேயும் இருக்கும். ஓம் என்பது சின்னச் சொல்தான். அது அவள் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"கையெல்லாம் அழுக்கு" என்றாள். "கழுவிப்போட்டுச் சொல்லுறன்."

சிவப்புப் பொட்டைத் திருகினாள். வெதுவெதுப்பாகத் தண்ணீர் வந்தது. விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினாள். இரண்டு விரலால் கைபிடியைப் பிடித்து அரைச் சுற்றுத் திருப்ப, அது தன் இடத்தில் வந்து நின்றது. தண்ணீரும் நின்றது. எவ்வளவு லேசு! அவள் துவாயை எடுக்கத் திரும்பினாள்.

முதுகுக்குப் பின்னால் கிறீச் என்று ஒரு சின்னச் சத்தம்.

திரும்பிப் பார்த்தாள். டெனிஸ்டனின் கை சிவப்புப் பொட்டின் மேல் இருந்தது. அவள் பூட்டியதை அவன் இன்னொரு தரம் இறுக்கிக்கொண்டிருந்தான். அவன் கண்கள் அதில் இல்லை. முகத்தில் இன்னும் சற்றுமுன் சொன்ன வார்த்தையின் ஈரம் இருந்தது. பொய் சொன்னவனின் முகமில்லை அது. கை போனது அவனுக்கே தெரியாது. அதுதான் லவினியாவுக்குப் பயமாக இருந்தது. பயம் என்று அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது.

"நான் வரேல்லை" என்றாள்.

"என்ன?"

அவள் அவன் கையைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். நெருப்பைத் தொட்டவன்போல் கையை எடுத்தான். "இல்லை லவினி, அது பழக்கத்திலை…"

"ஓம். தெரியும்."

"இனிச் செய்யமாட்டன்."

"நீங்கள் செய்யமாட்டியள். உங்கடை கை செய்யும். பிறகு நான் திரும்பவும் படம் எடுக்கத் தொடங்குவன்."

என்ன படம் என்று அவனுக்கு விளங்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை. கீழே மணி அடித்தது.

நிர்வாகத்து ஆள் உயரமான மனிதர், அவசரக்காரர். அறை அறையாகப் போனார், ஜன்னல்களை ஆட்டிப் பார்த்தார். குளியலறையில் குழாயைத் திறந்து, பேசிக்கொண்டே ஒரு விரலால் பூட்டி, "நல்லது" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லவினியா அதை மட்டும் கவனித்தாள். காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள். சாவியைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில்லாத வீட்டில் ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"கவனமாய்ப் போய்ச் சேருங்கோ" என்றாள் டெனிஸ்டனிடம். அவன் தலையாட்டினான். இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். பாவமாக இருந்தது, உண்மையிலேயே பாவமாக இருந்தது. அதற்காகப் பிராங்பேர்ட் போக முடியாது.

படியிறங்கி வந்து தெருக்கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. இன்னொரு தரம் தள்ளிப் பார்க்கக் கை உயர்ந்தது. அதைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு ட்ராம் தரிப்பிடத்துக்கு நடந்தாள். மூலையில் இருந்த பேக்கரியிலிருந்து பாண் வாசம் வந்தது. அவளுக்குப் பசித்தது. மணி என்ன என்று அவள் பார்க்கவில்லை.